மருந்தை மாற்றுமுன் வாயைப் பாருங்கள்: தீவக மனநலக் கிளினிக்குகளில் பணிபுரிவோருக்கு ஒரு திறந்த மடல்



ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மனநோயாளருக்கு மருந்து எழுதும் வைத்தியர்களே, மாதம் தவறாமல் ஊசி போடும் தாதியரே, ஊசிக்கு வராதவர்களைத் தேடி வீடுவீடாகப் போகும் களப்பணியாளரே, இந்த மடல் உங்களுக்குத்தான். யாழ்ப்பாணத்து மனநலக் கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். படகு வந்து சேரும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் இடையில் அத்தனை பேரையும் பார்த்து முடிக்க வேண்டும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்.

உங்கள் கிளினிக் எப்படி நடக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன். நோயாளி வருவார், கொப்பியை நீட்டுவார். "நித்திரை வருதோ? காதுக்குள்ள சத்தம் கேக்குதோ? குளிசை ஒழுங்காப் போடுறியளோ?" என்று கேட்பீர்கள். பதில் திருப்தியாக இருந்தால் போன மாதத்து வரியே இந்த மாதமும் எழுதப்படும், ஊசியும் போடப்படும். இதில் பிழை சொல்ல எதுவுமில்லை. அந்த ஊசியால்தான் அவர் வீட்டில் இருக்கிறார், கடலுக்குப் போகிறார், ஓலை இழைக்கிறார். ஆனால் அந்த மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. உதடு குவிந்து குவிந்து விரிகிறது. எதுவும் இல்லாமலே தாடை சப்புகிறது. நாக்கு கொடுப்புக்குள் சுழல்கிறது. மடியில் கிடக்கும் கைவிரல்கள் கண்ணுக்குத் தெரியாத தந்திக்கருவி ஒன்றை மீட்டுவதுபோல் ஆடுகின்றன.

இதன் பெயர் டார்டிவ் டிஸ்கைனீசியா என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோப்பமின் வாங்கிகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடைத்து வைக்கும் மருந்துகளால் பிந்தி வரும் அசைவு அது. நித்திரையில் அடங்கும், பதற்றத்தில் கூடும். ஃபுளுஃபெனசின், ஃபுளூபென்திக்சோல், ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளை எடுக்கும் வயதுவந்தோரில் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது புதிதாகத் தொடங்குகிறது. முதுமையில் இம்மருந்துகளைத் தொடங்குவோரில் முதல் வருடத்துக்குள்ளேயே நாலில் ஒருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வந்துவிடுகிறது. புதிய மருந்துகளில் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், மருந்து தொடங்கிய நாட்களிலேயே உடல் இறுக்கம் வந்தவர்களுக்கும், மருந்தை விட்டு விட்டு எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூட. இந்தக் கடைசி வகையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 1990 இடப்பெயர்வில் கொப்பியும் மருந்தும் தொலைந்தவர்கள், 2022 நெருக்கடியில் மருந்தில்லாமல் மாதங்கள் தவறியவர்கள், தாழமுக்கம் வரும் போதெல்லாம் படகில்லாமல் ஊசி பிந்துபவர்கள். உங்கள் வரிசையில் நிற்பவர்களில் பலர் அவர்கள்தான்.

பார்க்காமல் விடுவதால் வரும் கேட்டில் ஒன்று எனக்கு ஆறவே ஆறாது. உதடும் நாக்கும் ஆடும் ஒருவரைத் தூரத்தில் நின்று பார்த்தால் அவர் தனக்குள் எதையோ முணுமுணுப்பதுபோலத்தான் இருக்கும். "அம்மா திரும்பவும் தன்பாட்டில கதைக்கிறா, மிஸ்" என்று மகள் வந்து சொல்வாள். வைத்தியர் கேட்டுவிட்டு, நோய் திரும்புகிறது என்று மருந்தைக் கூட்டுவார். கூட்டிய மருந்து அசைவைக் கொஞ்சக் காலத்துக்கு அமுக்கிவிடும். வாய் ஓய்ந்துவிடும். எல்லோருக்கும் திருப்தி, வைத்தியரின் முடிவு சரியென்றும் ஆகிவிடும். பல மாதம் கழித்து அசைவு முன்னிலும் பலமாகத் திரும்பி வரும், மருந்து இன்னொரு படி ஏறும். ஒரு பக்கவிளைவை அதை உண்டாக்கிய மருந்தைக் கொண்டே மூடி மூடி வளர்க்கும் இந்த வட்டத்தை உடைக்க, முணுமுணுப்பவரின் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பத்து நிமிடம் பார்ப்பதுதான் வழி.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு எய்ம்ஸ் என்ற அளவுகோல் 1976 முதல் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் கையேட்டில் வந்தது. இரத்தப் பரிசோதனையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கைப்பிடி இல்லாத உறுதியான கதிரை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் பிழைவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பரிசோதனை தொடங்குவது நோயாளி கதிரையில் இருக்கும்போது அல்ல, வெளியே வாங்கில் காத்திருக்கும்போது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே கூப்பிட்டு வாயில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூலப் படிவத்தில் சுயிங்கமும் மிட்டாயும் இருக்கும். நம்முடைய தீவில் அது வெற்றிலை. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். உடனே பார்க்காதீர்கள். பழகிய வாய் சற்று நேரம் வெறுமனே மென்றுகொண்டிருக்கும். பொய்ப்பல் கட்டியிருக்கிறாரா, கட்டிய பல் தளர்ந்திருக்கிறதா, பல்லே இல்லையா என்றும் பாருங்கள். பல்லில்லாத முதியவரின் தாடை மருந்தே இல்லாமலும் ஆடும். படிவத்தின் இறுதியில் பல்லைப் பற்றிய இரண்டு கேள்விகள் இருப்பது அதற்காகத்தான். நாங்கள் அவற்றை நிரப்பாமலே கையொப்பம் வைத்துவிடுவது வழக்கம்.

முழங்கால்களைச் சற்று விரித்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை முழங்காலில் வைத்து இருக்கச் சொல்லுங்கள். பிறகு கைகளைப் பிடிமானமில்லாமல் தொங்கவிடச் சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கு வாய்க்குள் கிடக்கும் விதத்தைப் பாருங்கள், இரண்டு முறை. பிறகு நாக்கை வெளியே நீட்டச் சொல்லுங்கள், அதுவும் இரண்டு முறை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். டார்டிவ் நாக்கு ஓய்ந்திருக்கும்போதுதான் தன்னைக் காட்டும். நீட்டிய நாக்கை மட்டும் பார்ப்பவருக்குப் பாதி தவறிப்போகும். அடுத்து, பெருவிரலால் மற்ற நான்கு விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வேகமாகத் தட்டச் சொல்லுங்கள், வலது கையால் பத்துப் பதினைந்து விநாடி, பிறகு இடது கையால். தட்டும்போது விரலைப் பார்க்காதீர்கள். முகத்தையும் கால்களையும் பாருங்கள். மனம் விரலில் இருக்கையில் முகம் காவலில்லாமல் போகும், அதுவரை அடங்கியிருந்த உதடு அப்போது ஆடத் தொடங்கும். கையை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி இறுக்கம் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று இடுப்பையும் உடலையும் பாருங்கள். கைகளை முன்னால் நீட்டி நிற்கச் சொல்லுங்கள். சில அடி நடந்து திரும்பி வரச் சொல்லுங்கள், இரண்டு முறை. நடக்கையில் விரல்களைப் பாருங்கள்.

முகத்தசை, உதடு, தாடை, நாக்கு, கை, கால், உடல் என்று ஏழு இடத்துக்கும் சைபரிலிருந்து நாலு வரை புள்ளி. இரண்டென்றால் இலேசு, மூன்றென்றால் நடுத்தரம், நாலென்றால் கடுமை. ஒன்றென்பது இயல்பின் ஓரமாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்டதால் மட்டும் வரும் அசைவுக்கு, தானாக வருவதைவிட ஒரு புள்ளி குறைத்துப் போட வேண்டும் என்று பழைய படிவம் சொல்கிறது. இன்று பலர் குறைப்பதில்லை. எந்த வழியென்றாலும் சரி, உங்கள் வைத்தியசாலையில் ஒரு வழியைத் தீர்மானித்து அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் போன தடவை ஐந்தும் இந்தத் தடவை எட்டும் நோயாளியின் மாற்றமா, தாதியின் மாற்றமா என்று தெரியாது. குறைந்தது மூன்று மாதம் மருந்து எடுத்த ஒருவருக்கு இரண்டு இடத்தில் இரண்டு புள்ளியோ, ஒரே இடத்தில் மூன்றோ இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் அதை டார்டிவ் என்று கொள்ளலாம். 1982இல் ஸ்கூலரும் கேனும் வகுத்த அளவு அது. மூன்று மாதம் கழித்தும் நீடித்தால் நிலைத்தது என்று கொள்வார்கள். மொத்தப் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பது போக்கைக் கவனிக்க உதவும், நோயை நிர்ணயிக்க அல்ல. ஏழு இடத்திலும் ஒவ்வொன்று வாங்கி ஏழு எடுத்தவரைவிட, நாக்கில் மட்டும் மூன்று வாங்கியவர் முக்கியமானவர்.

வேறு காரணம் இல்லையென்றால் என்று சொன்னேன். அங்கேதான் சென்னையில் நடந்த ஓர் ஆய்வை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஸ்கொட்லாந்து மனநல வைத்தியர் மெக்கிரெடியும் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டொக்டர் தாராவும் சக ஆய்வாளரும் முதியவர்களைப் பரிசோதித்து 1996இல் வெளியிட்டது. மருந்து எடுத்துவந்த நோயாளரில் 41 வீதத்தினருக்கு அசைவு இருந்தது. வாழ்நாளில் மருந்தே எடுத்திராத நோயாளர் 21 பேரில் 38 வீதத்தினருக்கு இருந்தது. நோயே இல்லாத முதியவர்களிலும் 15 வீதத்தினருக்கு இருந்தது. மருந்தே தொடாத முதிய நோயாளர் வேறெங்கும் எளிதில் அகப்படார். சென்னைப் பக்கத்தில் அத்தகையவர்கள் இருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, அதை மருந்துக்கு நற்சான்றாக எடுக்காதீர்கள். மருந்து எடுத்தவர்களின் சராசரி வயதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நமக்கு அதிலிருக்கும் சேதி வேறு. முதல் ஊசிக்கு முன் பார்த்து எழுதி வைக்காவிட்டால், பத்து வருடம் கழித்துக் காணும் அசைவில் நோயின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுந்தீவில் ஒருவருக்கு மருந்து தொடங்கும் நாளில் கொப்பியில் எழுதப்படும் ஏழு சைபர்கள் வெறும் சைபர்கள் அல்ல.

இனி முடிவெடுப்பது. பலரிடம் கண்டதைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன். நெடுந்தீவில் 62 வயது அம்மா ஒருவர். வருடக்கணக்காக நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஃபுளுஃபெனசின் டெக்கனோவேற் 25 மி.கி. ஊசி, நாளுக்கு மூன்று தடவை பென்ஸ்ஹெக்சோல் 2 மி.கி. குளிசை. நீரிழிவும் உண்டு. நோய் இரண்டு தடவை திரும்பியிருக்கிறது, இரண்டும் ஊசி மாதக்கணக்கில் தவறியபோது. உதடு 2, தாடை 2, நாக்கு 3, கை 1, மற்றவை சைபர். மொத்தம் எட்டு.

அன்றைக்கு ஊசியில் கை வைக்கக்கூடாது. முதலில் அவர் கொண்டுவந்த பையைக் கவிழ்த்துப் பாருங்கள். சத்திக்கென்று எங்கேயோ கொடுத்த மெட்டோகுளோபிரமைட் அதில் கிடக்கும். அதுவும் டோப்பமினை அடைக்கும் மருந்துதான், இதே அசைவைத் தரக்கூடியதுதான். வயிற்று மருந்தென்பதால் மனநலக் கொப்பியில் ஏறாமலே வருடக்கணக்கில் ஓடும். அதை நிறுத்தலாம். அடுத்தது பென்ஸ்ஹெக்சோல். அசைவென்றாலே பென்ஸ்ஹெக்சோல் என்ற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கை நடுக்கத்துக்கும், உடல் இறுக்கத்துக்கும், கழுத்து இழுப்புக்கும் அது உதவும். டார்டிவ் அசைவுக்கு உதவாது, பல நேரம் கூட்டிவிடும். முதியவர்களுக்கு மறதியையும் மலச்சிக்கலையும் மேலதிகமாகக் கொடுக்கும். ஆகவே எந்த அசைவு என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நடுக்கம் ஒரே தாளத்தில் வரும், டார்டிவ் தாளமில்லாமல் வரும். மருந்தால் வரும் உதட்டு நடுக்கம் முயல் கொறிப்பதுபோல் மேலும் கீழும் சீராக ஆடும், நாக்கைத் தொடாது. டார்டிவ் பெரும்பாலும் நாக்கை விடாது. இருக்க முடியாமல் எழுந்து எழுந்து நடப்பவரிடம் உள்ளுக்குள் அந்தரமா என்று கேளுங்கள். அந்தரமென்றால் அது அகதீசியா, அதன் வைத்தியமே வேறு.

நம் அம்மாவின் கையில் இறுக்கமுமில்லை, நடுக்கமுமில்லை. பென்ஸ்ஹெக்சோலை இரண்டு வாரத்துக்கு ஒரு குளிசை வீதம் குறைத்து நிறுத்தலாம். ஒரேயடியாக நிறுத்தினால் குமட்டலும் நித்திரையின்மையும் வரும், ஒளிந்திருந்த இறுக்கமும் தலைகாட்டலாம். அந்த வாரங்களில் களப்பணியாளர் ஒரு தடவை வீட்டுக்குப் போய் நடையைப் பார்த்துவருவது நல்லது. மூன்றாம் மாதம் அதே தாதி திரும்ப எய்ம்ஸ் எடுக்கிறார். உதடு 2, தாடை 1, நாக்கு 2, கை 1, மொத்தம் ஆறு. குறைந்திருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இன்னும் இரண்டு. நிலைத்த டார்டிவ்தான்.

இப்போதுதான் ஊசியைப் பற்றிய பேச்சு, அதையும் அம்மாவிடமிருந்தே தொடங்க வேண்டும். எய்ம்ஸில் ஏழு இடங்களுக்குப் பிறகு வரும் மூன்று கேள்விகளை நாங்கள் அவசரத்தில் தாண்டிவிடுவோம். மொத்தத்தில் எவ்வளவு கடுமை, இதனால் என்ன செய்ய முடியாமல் போயிற்று, இது தனக்கு இருப்பது அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் எவ்வளவு வருத்தம்? பலருக்குத் தெரிவதே இல்லை. நம் அம்மாவுக்குத் தெரியும். பிள்ளையள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பூசைக்குப் போவதை விட்டுவிட்டார். நாக்கைக் கடித்துப் புண்ணும் வந்திருக்கிறது. ஆகவே ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவு, அதற்கும் விலை உண்டு.

ஊசியை நிறுத்திவிடலாமா? அவரது கதையைப் பாருங்கள், நிறுத்திய இரண்டு தடவையும் நோய் திரும்பியது. திடீரென்று நிறுத்தினால் அமுங்கியிருந்த அசைவும் வெளியே பாயும். மருந்தைக் குறைப்பது டார்டிவைத் தணிக்கும் என்பதற்கான ஆய்வுச் சான்றும் உறுதியானதல்ல. அதனால் குறைப்பதென்றால் ஒரே நோக்கத்தோடு குறைக்க வேண்டும், நோயைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பது. ஆலோசக மனநல வைத்தியருடன் பேசி 25 மி.கி.யை 18.75 ஆக்கலாம், ஒரு மில்லிலீற்றருக்கு 25 மி.கி. உள்ள குப்பியில் முக்கால் மில்லிலீற்றர். அதோடு மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். டெக்கனோவேற் எண்ணெயில் தங்கி மெதுவாகக் கசியும் மருந்து. இன்று குறைத்தது உடலில் நிலைப்பட வாரங்கள் பலவாகும். இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டு, "குறைச்சும் ஒண்டும் நடக்கேல்ல" என்று இன்னொரு தடவை குறைப்பதுதான் நோய் திரும்பக் காரணமாகிறது. முதல் மாதங்களில் புள்ளி ஆறிலிருந்து எட்டுக்கோ ஒன்பதுக்கோ ஏறவும் கூடும். பயந்து பழைய அளவுக்குப் போகாதீர்கள். இது வரலாம் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்களும் பயப்படமாட்டார்கள். நித்திரை குலைவதும், சந்தேகம் வருவதும், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்பதும் வேறு. அவை நோய் திரும்பும் அறிகுறி. அப்போது பழைய அளவுக்குத் திரும்பத்தான் வேண்டும், அசைவு இருந்தாலும்.

அப்படியொருவருக்கு அடுத்த வழி மருந்தை மாற்றுவது, குயெட்டியாபினுக்கோ குளோசபினுக்கோ. குயெட்டியாபின் தினக் குளிசை. ஊசி தவறி இரண்டு தடவை நோய் திரும்பியவரை ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றுவதென்றால், அதை எடுத்துக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மருந்தியல் கேள்வி போலவே முக்கியமானது. நீரிழிவும் கூடலாம். குளோசபின் டார்டிவ் உள்ளவர்களுக்கு நல்ல தெரிவு, ஆனால் முதல் பதினெட்டு வாரமும் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல் குளிசை தவறினால் பழைய அளவில் தொடர முடியாது, 12.5 மி.கி.யிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவருக்கு இது தொல்லை. நெடுந்தீவில் இருப்பவருக்கு இது குறிகட்டுவானுக்குப் படகு ஓடுமா ஓடாதா என்ற கேள்வி. கார்த்திகையில் தாழமுக்கம் வரும் காலத்தில் தீவில் இருப்பவருக்குக் குளோசபின் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. தை பிறந்தபின் தொடங்கினால் பதினெட்டு வாரம் பெரும்பாலும் சோளகம் பலக்குமுன் முடிந்துவிடும். வீட்டில் எப்போதும் ஒரு கிழமைக்கு மேலதிகக் குளிசை இருக்க வேண்டும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் படகுக்குக் காத்திராமல் தீவு வைத்தியசாலையிலேயே இரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் முதல் வாரங்களுக்கு நோயாளியை யாழ்ப்பாணத்தில் தங்கவைப்பதுதான் நேர்மை.

டார்டிவுக்கு வல்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நடுத்தரமும் கடுமையுமான அசைவுக்கு அவ்வகை மருந்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அவற்றின் விலையைப் பார்த்தால் நம் வரிசையில் நிற்பவர்களுக்கு இன்றைக்கு அது பேச்சல்ல. பழைய டெட்ராபெனசின் கிடைத்தாலும் மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது, மனநல நிபுணர் கண்காணிப்பில்லாமல் தொடக்கூடாது. இல்லாத மருந்தைக் காரணம் காட்டிப் பார்ப்பதையே தள்ளிப்போடாதீர்கள். மெட்டோகுளோபிரமைட்டை நிறுத்துவதும், பென்ஸ்ஹெக்சோலைக் குறைப்பதும், ஊசியின் அளவை மீண்டும் யோசிப்பதும் இன்றே உங்கள் கையில் உள்ளவை.

"இதைச் சொன்னால் சனம் ஊசிக்கே வராது" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இந்தப் பயத்தைப் பல வருடம் கேட்டிருக்கிறேன், இன்றுவரை உடன்பட்டதில்லை. சொல்லாமல் விட்டாலும் அவர்களுக்கு ஒருநாள் தெரியவரும், அயலிலே யாரோ "ஊசியாலதான் வாய் இப்பிடி" என்று சொல்லித் தெரியவரும், அன்றைக்கு ஊசியை ஒரேயடியாக விடுவார்கள். ஊசி போடும்போதே, "வாயிலயோ விரலிலயோ உங்கட விருப்பமில்லாமல் ஆட்டம் வந்தால் முதல்ல எங்களிட்டச் சொல்லுங்கோ, நீங்களாக மருந்தை நிப்பாட்டாதேங்கோ" என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

என் வேண்டுகோள் இது. தீவகத்து நோயாளி ஒரே இடத்தில் வைத்தியம் பார்ப்பவரல்ல. நெடுந்தீவிலும் பார்ப்பார், ஊர்காவற்றுறைக்கும் வருவார், கூடினால் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கோ தெல்லிப்பழைக்கோ போவார். எல்லா இடத்துக்கும் அவரோடு போவது அந்தக் கிளினிக் கொப்பி ஒன்றுதான். அதன் கடைசிப் பக்கத்தை எய்ம்ஸுக்கு ஒதுக்குங்கள். ஏழு இடங்களும் வரிசையாக, ஒவ்வொரு திகதிக்கும் ஒரு நிரல், அடியில் அன்றைய மருந்தும் அளவும், பார்த்தவரின் பெயர். மருந்து தொடங்குமுன் ஒரு தடவை. பழைய மருந்திலோ மாத ஊசியிலோ இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை. மருந்தின் அளவை மாற்றும் நாளில் ஒன்று, மாற்றி மூன்று மாதத்தில் ஒன்று. இவற்றைத் தாதியே எடுக்கலாம், வைத்தியர் பார்த்து உறுதிசெய்தால் போதும். அறுபது பேர் உள்ள மாதாந்தக் கிளினிக்கில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்று எடுத்தால் அரை வருடத்தில் எல்லோரையும் பார்த்து முடித்துவிடலாம்.

புள்ளி இல்லாமல் மருந்தை மாற்றாதீர்கள். புள்ளியை மட்டும் பார்த்தும் மாற்றாதீர்கள். அடுத்த கிளினிக்கிலேயே தொடங்குங்கள், ஊசியில் அதிக வருடம் இருந்த பத்துப் பேரிலிருந்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலத் தாதி ஒருத்தி